முதல் இரண்டில் கை வைக்காதீர்கள்

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கிறது என்று ஆபீசில் பேச்சு உண்டு. பேச்சு தப்பில்லை. அன்று மத்தியானம் மேனேஜரிடமிருந்து வந்த மெயிலைப் படித்ததும் அது நுனியைத் தாண்டி நெற்றிக்கு ஏறிவிட்டது.

இரண்டே வரிதான். பர்ச்சேஸ் பிரிவு கால் விலைக்கு ஒரு ஆப்-ஆம்ப் கண்டுபிடித்திருக்கிறது. வேண்டாம் என்றால் காரணத்தை இன்றைக்குள் எழுதி அனுப்பவும், நாளை பாகங்களின் பட்டியல் முடிவாகிறது.

ஆப்-ஆம்ப் என்பது மிளகு அளவு சில்லு. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மின்னழுத்தத்தை வாங்கிப் பெரிதாக்கிக் கொடுக்கும். நாங்கள் செய்துகொண்டிருந்தது குறைமாதக் குழந்தைகள் படுக்கும் இன்குபேட்டருக்கான தராசு. மெத்தைக்கு அடியில் ஒரு சென்சார். குழந்தை ஒரு கிராம் ஏறினால் அது ஒரு மைக்ரோவோல்ட் தரும், அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் துளியை முதலில் கையில் வாங்குவதே இந்தச் சில்லுதான். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுவார்களா? இவர்கள் அழுதார்கள்.

உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கம் வந்தது, இரண்டு பக்கம் ஆனது. நாய்ஸ் டென்சிட்டி, ஆஃப்செட் டிரிஃப்ட், மூன்று வரைபடம், நடுநடுவே பர்ச்சேஸ் அதிகாரியின் அறிவைப் பற்றி நாசூக்காகச் சில வார்த்தைகள். அனுப்புவதற்கு முன் தங்கைக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். அவள் பச்சைக்குழந்தைகள் வார்டில் நர்ஸ். எனக்கு மைக்ரோவோல்ட் எப்படியோ அவளுக்குக் கிராம் அப்படி.

பாதியிலேயே கொட்டாவி கேட்டது.

"அக்கா, மைக்ரோவோல்ட் எல்லாம் எனக்கு வேண்டாம். எத்தனை கிராம் தப்பாக் காட்டும், அதைச் சொல்லு."

கணக்குப் போட்டுச் சொன்னேன். மலிவான சில்லு போட்டால் யாரும் தொடாமலே எண் ஐந்தாறு கிராம் மேலும் கீழும் ஆடும். அறை ஒரு டிகிரி சூடானால் இன்னும் ஐந்து கிராம் நகரும். அவளுடைய கொட்டாவி நின்றுவிட்டது. ஒரு கிலோக் குழந்தை நாள் முழுக்க ஏறுவதே பதினைந்து, இருபது கிராம்தான், அதை வைத்துத்தான் டாக்டர் பாலைக் கூட்டுவார் குறைப்பார் என்றாள். இதைத்தானே முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்!

எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு இப்படி எழுதினேன்:

"சார், புதுச் சில்லைப் போட்டால் நம் தராசு குழந்தையின் எடையைச் சொல்லாது, அறையின் வெப்பத்தைச் சொல்லும். இன்குபேட்டர் கதவைத் திறந்து மூடினாலே சில டிகிரி மாறும், அதற்கு இருபது கிராம் தப்பு வரும். குழந்தை ஒரு நாளில் ஏறுவதே அவ்வளவுதான். தானாக வரும் நடுக்கம் ஐந்தாறு கிராம். சராசரி எடுத்தால் வேகமான நடுக்கம் அடங்கும், மெதுவாக அலைவது அடங்காது. இப்போது இருக்கும் சில்லில் இரண்டுமே ஒரு கிராமுக்குள். ஆகையால் மாற்ற வேண்டாம்."

மறுநாள் காலை மேனேஜர் நேராக என் மேஜைக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். வியாபாரத்திலிருந்து வந்தவர், 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பதை வேதமாக வைத்திருப்பவர். மெயிலைப் படித்தாராம், புரிந்ததாம். ஆனால் தராசு என்றால் ஜீரோ பட்டன் இருக்குமே, காய்கறிக் கடையில்கூட நகர்ந்தால் அமுக்கிக்கொள்கிறார்களே, நர்ஸும் அமுக்கினால் தீர்ந்தது என்றார்.

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். மலிவுச் சில்லு போட்ட சோதனை சர்க்யூட் போர்டு ஒன்று ஏற்கெனவே தயாராக இருந்தது. அதைச் சென்சாரில் இணைத்து, மேலே ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தேன். திரையில் ஆயிரம். ஆயிரம் என்றாலும் கடைசி எண் நிலைகொள்ளாமல் தத்தளித்தது. சோதனைக்கென்று வைத்திருக்கும் ஹேர் டிரையரை அவர் கையிலேயே கொடுத்து, சென்சாரை விட்டுவிட்டு போர்டின் மேல் மட்டும் லேசாகக் காட்டச் சொன்னேன்.

ஆயிரத்துப் பத்து. ஆயிரத்து இருபத்தைந்து. நாற்பதைத் தாண்டிப் போனது. கல் அசையவில்லை. மனிதர் டிரையரைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"இப்போ ஜீரோ அமுக்குங்க சார்," என்றேன்.

அமுக்கினார். திரை பூஜ்யம் காட்டியது.

"குழந்தை உள்ளே படுத்திருக்கு. தராசு யாருமே இல்லைங்குது. சரியா ஜீரோ பண்ணணும்னா குழந்தையைத் தூக்கணும். தூக்கக்கூடாதுன்னுதானே சார் இந்தத் தராசையே பண்றோம்?"

அவர் என் போர்டை மாட்டச் சொன்னார். அதே கல், அதே சூடு. ஆயிரம், ஆயிரத்தொன்று, மறுபடி ஆயிரம். எனக்கு உச்சி குளிர்ந்தது. மிதப்பில் நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போர்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர், இந்த மாதிரிச் சில்லு நாலு இருக்கே, நாலும் இதே விலைதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாலுக்குமே அந்தத் துளிதான் வருகிறதா என்றார்.

போர்டை வாங்கிப் பார்த்தேன். இல்லை. சென்சாரைத் தொடுவது முதல் இரண்டு மட்டும்தான். அவை இருநூறு மடங்கு பெரிதாக்கிய பிறகுதான் மூன்றாவதற்குப் போகிறது. அங்கே ஐந்து மைக்ரோவோல்ட் தப்பு வந்தாலும் கிராம் கணக்கில் இருநூறால் வகுத்துக்கொள்ள வேண்டும், ஒன்றுமே மிஞ்சாது. நாலாவது பேட்டரியின் அளவைப் பார்ப்பது, அதற்கு எது போட்டாலும் சரி. நல்ல பாகம் கையில் கிடைத்தால் கண்ட இடத்திலெல்லாம் அதையே போடுவது எங்கள் தொழிலின் சீக்கு. பட்டியலில் ஒரே பெயர் இருந்தால் யோசிக்க வேண்டாமே! முந்தின நாள் பர்ச்சேஸ் அதிகாரியின் அறிவைப் பற்றி நான் எழுதி அழித்த வார்த்தைகள் ஞாபகம் வந்தன. முகத்தில் அசடு வழிந்தது, துடைக்கக் கைக்குட்டைதான் இல்லை.

அவரிடமே சொன்னேன், தப்பு என்னுடையது, மெயிலைத் திருத்தி அனுப்புகிறேன் என்று. அவர் கிண்டல் செய்வார் என்று பார்த்தேன். டிரையரை மட்டும் என் தலைப்பக்கம் ஒரு தடவை காட்டிவிட்டுப் போனார்.

கடைசி வாக்கியத்தை மாற்றினேன்: "முதல் இரண்டு இடத்தில் மாற்றவே கூடாது. மூன்றாவதிலும் நாலாவதிலும் பர்ச்சேஸ் சொல்லும் சில்லே போதும்." அரை மணியில் அவர் அதை அப்படியே எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். மேலே ஒரே ஒரு வரி அவருடையது: "முதல் இரண்டில் கை வைக்காதீர்கள். இன்னும் மலிவாக வேறொன்று கிடைத்தாலும் என்னிடம் கேட்க வேண்டாம்." பர்ச்சேஸ் அதிகாரி கட்டைவிரல் படம் போட்டிருந்தார். சண்டைக்குத் தயாராக இருந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

தராசு தயாராகி, சோதனை எல்லாம் தேறி, முதல் உருப்படிகளில் ஒன்று தங்கையின் வார்டுக்கே போனது. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவளிடமிருந்து போன். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஒரு வாரமா ஏறாம இருந்த குழந்தை, அக்கா. இன்னிக்குப் பன்னிரண்டு கிராம் காட்டுது. அவங்க அம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க. சொல்லிடலாமா?"

கதவு திறந்திருந்ததா, ஏசி ஓடியதா, வெயில் பட்டதா, எதையும் நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இல்லை.

"சொல்லிடு," என்றேன்.

போனைக் கட் பண்ணாமலே அவள் திரும்பிச் சொன்னாள். அந்தப் பக்கம் அந்த அம்மா அழுதது எனக்குக் கேட்டது.