பாதிப் பூட்டு

வாடிக்கையாளர் கடிதம் எழுதினாலே எனக்கு எரிச்சல் வரும். போனில் சொன்னால் போதாதா? தச்சநல்லூரில் இணைய சேவைக் கடை நடத்தும் ராஜராஜேஸ்வரி அக்கா இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் என் கையெழுத்தும் கேட்டிருந்தார். ரயில் சந்திப்புப் பகுதியில் பதினான்கு வருடமாகக் கணினி விற்றுப் பழுது பார்ப்பவன் நான். எனக்கே பாடம் நடத்துகிறாரே என்று நினைத்தேன்.

“திரு. சிவகணேஷ் அவர்களுக்கு, என் கடைக் கணினியில் செக்யூர் பூட் வசதியை இயக்கி, ஹார்டு டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்து தரவும். வீட்டை எதிர்த்துத் திருமணம் செய்யும் ஒரு பெண்ணின் முகவரியைக் கேட்டு இரண்டு பேர் இருமுறை வந்துவிட்டார்கள். நான் சொல்லவில்லை. அவளுடைய திருமணப் பதிவு விண்ணப்பம் முடியும்வரை இதிலுள்ள ஆவணங்களை அழிக்கவும் முடியாது. இரண்டையும் முடித்ததாக எழுதிக் கையெழுத்திடவும்.”

மறுநாளே போனேன். செக்யூர் பூட் ஐந்து நிமிட வேலை. கணினியின் செட்டிங்குக்குள் போய் இயக்கிவிட்டேன். கணினி தொடங்கும்போது முத்திரை இல்லாத வேறு நிரல் உள்ளே புகாமல் அது தடுக்கும், அவ்வளவுதான். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுகிறவனை அது ஒன்றும் செய்யாது. அதற்குத்தான் என்கிரிப்ஷன், சாவி இல்லாமல் ஒரு ஃபைலையும் படிக்க முடியாதபடி டிஸ்க்கையே குழப்பி எழுதுவது. அந்தக் கணினியில் அதற்கு வேண்டிய வசதியெல்லாம் இருந்தது. ஆனால் முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், மீட்புச் சாவி என்று நாற்பத்தெட்டு இலக்கம் வரும். கடைக்காரர்கள் அதைத் தொலைத்துவிட்டு என் கழுத்தைப் பிடிப்பார்கள். போதாததற்கு, பழுதானால் டிஸ்க்கைக் கழற்றிக் கேபிளில் மாட்டி ஃபைலை எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழிலில் பாதி. அடுத்த தடவை வரும்போது செய்யலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, “இரண்டும் முடிந்தது” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அக்கா கலர் சோடா வாங்கித் தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் வாரம், திங்கள்கிழமை காலை. கடையைத் திறந்ததும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் பையில் ஒரு டிஸ்க்கோடு வந்தார்.

“எங்க மதினி கடை கம்ப்யூட்டர் ஓடமாட்டேங்கு அண்ணாச்சி. ஒரு ஃபைல் மட்டும் அவசரமா வேணும்.”

டிஸ்க் யாருடையது என்று நான் எவரிடமும் கேட்டதில்லை. இங்கே எந்தக் கடையிலும் கேட்க மாட்டார்கள். கேபிளில் மாட்டினேன். சாவி எதுவும் கேட்காமல் திறந்துகொண்டது. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பெயர்களைப் படித்தார். விஜயஸ்ரீ என்ற ஃபோல்டரைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் அளவுப் படம், சான்றிதழ்கள், மணிமுத்தாறில் ஒரு வீட்டின் வாடகை ஒப்பந்தம். ஒப்பந்தத்தைச் செல்போனில் படம் பிடித்தார். மற்றதையும் பென்டிரைவில் போடட்டுமா என்றேன். இது போதும் என்று டிஸ்க்கைக்கூட எடுக்காமல் போய்விட்டார். அவசரக்காரர் போல என்று நினைத்தேன். இவ்வளவு மக்காக இருந்திருக்கிறேன்.

பதினொன்றரைக்கு அக்கா கூப்பிட்டார். ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு அப்போதுதான் கடைக்கு வந்திருக்கிறார். பின்கதவு உடைந்து கிடந்ததாம், சிபியூ திறந்திருக்க டிஸ்க் மட்டும் இல்லையாம். குரலில் பதற்றமே இல்லை.

“அன்னைக்கே பூட்டியாச்சுல்லா தம்பி? கொண்டுபோனாலும் பாக்க முடியாதுல்லா?”

மேசையில் கிடந்த டிஸ்க்கைப் பார்த்தேன். பெயர் கெட்டுவிடும், போலீஸ் வரும், கடையை மூடவேண்டியதுதான். அதுதான் முதலில் தோன்றியது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

“பாக்க முடியாதுக்கா,” என்றேன்.

அவர் நிம்மதியாகப் போனை வைத்தார். என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். அந்தப் படத்தில் பெண் சிரிக்காமல் கேமராவை நேராகப் பார்த்திருந்தாள். நாற்பது நிமிடம் போனபின் அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, நான் பூட்டலை. டிஸ்க் எங்கிட்டதான் இருக்கு. காலையில நான்தான் தொறந்து காட்டுனேன். மணிமுத்தாறு விலாசத்தை எடுத்துட்டுப் போயிட்டான்.”

அவர் என்னைத் திட்டவில்லை. உடனே போனைத் துண்டித்தார். நானும் போலீசுக்குப் போன் அடித்து விலாசத்தைச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து அக்கா மறுபடி கூப்பிட்டார். விஜயஸ்ரீயின் போனைப் பக்கத்து வீட்டுக்காரம்மா எடுத்தாராம். வாசலில் கிடந்ததாம். அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற பையன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு கார் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம்.

“எப்பன்னு கேட்டேன் தம்பி,” என்றார் அக்கா. “பத்து நிமிஷந்தான் ஆச்சாம்.”