இரண்டடி குறைவு

வெளியே அளந்தால் பதினான்கு அடி. உள்ளே அளந்தால் பத்தரை. முன்சுவர், பின்சுவர் இரண்டின் கனத்துக்கும் ஒன்றரை அடி கழித்தாலும் பன்னிரண்டரை வர வேண்டும். பையன் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அறைக்குள் ஓடினான். மறுபடியும் பத்தரைதான்.

“ரெண்டடி எங்கடா போச்சு? நீ தின்னுட்டியா?” என்றார் கொத்தனார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு உதைத்தது.

பின்னறையையும் சமையலறையையும் ஒன்றாக்க வேண்டும் என்பது அம்மாவின் பத்து வருட ஆசை. அன்று சனிக்கிழமை. அம்மா தையல் கடைக்குப் போயிருந்தாள். அப்பா மில்லில் இரவு வேலை முடித்து வந்து முன்னறைக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தூக்கத்துக்குச் சுத்தியல் சத்தமெல்லாம் ஒரு பொருட்டில்லை.

கொத்தனார் பின்சுவரைத் தட்டினார். மற்ற மூன்று சுவர்களும் பேசாமல் இருந்தன. இது மட்டும் தகரம் போல் பதில் சொன்னது. மூலையில் பூச்சைக் கொத்தி எடுத்துப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கச் சுவரின் கற்களோடு இந்தச் சுவரின் கற்கள் பின்னிக்கொள்ளவில்லை. சும்மா ஒட்டி நின்றன. ஒற்றைக் கல் சுவர். வீடு கட்டியவன் கட்டியதல்ல, பிறகு எவனோ அவசரத்தில் எழுப்பியது.

அவர் மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கழற்றினார். கீழிருந்து உடைத்தால் சுவர் தலையில் வரும் என்றார். ஆள் தலை நுழையும் அளவு ஓட்டை ஆனதும் டார்ச்சை உள்ளே நீட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. பிறகு, தாகமாக இருக்கிறது, தெருக்குழாயில் போய்க் குளிர்ந்த தண்ணீராகப் பிடித்து வா என்றார்.

பையன் தண்ணீரோடு வந்தபோது அவருடைய சாக்குப்பை சைக்கிளின் பின்னால் கட்டப்பட்டிருந்தது. காலையில் அது ஒல்லியாக இருந்தது. இப்போது மூலைகள் புடைத்துக்கொண்டு நின்றன. சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் தண்ணீரைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

பையன் கல் குவியல் மேல் ஏறி, இப்போது ஆள் இறங்கும் அளவு பெரிதாகியிருந்த ஓட்டைக்குள் பார்த்தான். தரையில் தூசு மெத்தை போல் படிந்திருந்தது. அதில் ஒரு மரப்பெட்டி. அதன் பக்கத்தில் அதே அளவில் தூசில்லாத ஒரு சதுரம்.

அவன் ஒன்றும் அவ்வளவு மக்கு இல்லை.

பெட்டியைத் தூக்கி வெளியே எடுப்பதற்குள் மூச்சு வாங்கியது. மூடியைச் சுற்றித் தார் பூசி அடைத்திருந்தார்கள். அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. எழுத்திருந்த இடத்தை யாரோ இழைப்புளியால் சீவியிருந்தார்கள். அதை அப்பாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். வீட்டிலேயே யாரும் எட்டிப்பார்க்காத இடம் அதுதான். வயிற்றால் ஊர்ந்து அவனும் உள்ளே போனான். தலைக்கு மேல் அப்பாவின் பாரத்தில் கட்டில் வலை தொங்கிக்கொண்டிருந்தது. கத்தியால் தாரைக் கீறினான். நான்கு பித்தளைத் திருகாணிகளையும் கழற்றினான். அவை சமர்த்தாகக் கழன்று வந்தன.

உள்ளே தங்கம் இல்லை. மரத்தூளுக்கு நடுவில், மெழுகுத்தாள் சுற்றிய தடித்த மெழுகுவத்திகள் போல் வரிசையாக ஏதோ இருந்தன. தாளெல்லாம் கறைபட்டிருந்தது. அதன்மேல் வியர்வை போல் துளித்துளியாக எண்ணெய் அரும்பியிருந்தது. ஓரங்களில் கற்கண்டு போல் வெள்ளைப் பொடிமணிகள். இனிப்பான ஒரு வாசனை. அவன் ஒரு விரலால் துளியைத் தொட்டுப் பார்த்தான். வழவழவென்றிருந்தது. இது எதற்காவது ஆகுமா என்று புரியவில்லை. மூடியைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தான்.

கொத்தனார் திரும்பி வந்தபோது தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். ஓட்டைக்குள் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார். பையன் தரையைப் பார்த்தான்.

“பரவால்ல, உனக்கும் கண்ணு இருக்கு,” என்று சிரித்தார். “நீயும் எதையும் பாக்கல. நானும் எதையும் பாக்கல. சரியா?”

பையன் தலையாட்டினான். கொத்தனாரின் மகன் அவனுக்குப் பெஞ்சுத் தோழன். அவனிடமும் மூச்சு விடக்கூடாது என்று கொத்தனார் சொன்னார். அவருடைய பெட்டியில் இருப்பது இரும்புத் திருகாணியாம், துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். சாயங்காலம் தன் மகனை விளையாட அனுப்பிவிட்டு உளி வைத்து அடித்துத்தான் பெயர்க்க வேண்டும் என்று வேலையின் நடுவில் அவரே சொன்னார். மிச்சச் சுவரைத் தள்ளியபோது கற்கள் சரிந்து தூசியில் இருந்த தடங்களை மூடின. மூன்று மணிக்கெல்லாம், தலை பிளக்கிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டேப்பை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

பையனுக்கும் தலை வலித்தது. நெற்றிப்பொட்டில் யாரோ உள்ளிருந்து தட்டுவது போலிருந்தது. முகம் கொதித்தது. வாசற்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

நான்கு மணிக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கல்குவாரியில் வெடி வைக்கும் வேலையில் பதினோரு வருடம் இருந்தவர். அங்கே மூன்று விரல்களைக் கொடுத்துவிட்டு வந்தவர். ‘எனக்குக் கணக்கு ஏழுக்கு மேல வராது மாப்ள’ என்று விரல்களை விரித்துக் காட்டுவார். இப்போது பழைய ஜன்னல் சட்டங்கள் வாங்கி விற்கிறார். அன்றும் ஒரு சட்டத்தைத் தோளில் சுமந்து வந்தார்.

பையனின் சிவந்த முகத்தைப் பார்த்ததும் சட்டத்தைச் சுவரில் சாய்த்தார். வெயிலில் ஆடினாயா என்றார். இல்லை என்றான். எங்கே வலிக்கிறது என்றார். அவன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினான். மாமா அந்தக் கையைப் பிடித்தார். பிசுபிசுப்பை உணர்ந்ததும் முகர்ந்து பார்த்தார்.

அதுவரை இருந்த மாமா அந்த இடத்தில் இல்லை.

“எதைத் தொட்ட?” மிகவும் மெதுவாகக் கேட்டார். “திட்ட மாட்டேன். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு.”

அவன் சொன்னான். மாமா செருப்பைக் கழற்றினார். கதவோரம் நின்று குனிந்து, கட்டிலுக்கு அடியில் ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு அப்பாவின் காதருகே வாயை வைத்தார்.

“மச்சான், கண்ணத் தொறங்க. ஆடாதீங்க. கனவு மாதிரி எந்திரிங்க.”

அப்பா நூறு கிலோ. புரண்டு எழுகிறவர். அன்று மாமா அவருடைய தோளைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு காலாகத் தரையில் வைத்தார். கட்டில் வலை ஒருமுறை முனகியது. மூவரும் வெறுங்காலோடு தெருவுக்கு வந்தார்கள்.

மாமா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். யாரும் ஓட வேண்டாம், நடந்தே வாருங்கள் என்றார். அரை மணிக்குள் தெருவே முனைக்கு வந்துவிட்டது. போலீஸ் வந்தது. பிறகு வெடி அகற்றுகிறவர்களின் வண்டி வந்தது. இந்த வீட்டில் முன்பு ஒரு குவாரி மேற்பார்வையாளர் இருந்தார் என்று ஒரு வயதான ஆள் சொன்னார். களவாடி வைத்து, எடுக்க வராமலே செத்திருப்பான் என்றார் மாமா.

மாமாவும் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தார். பையனின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டவர் அவர்தான்.

“உங்களுக்கும் வலிக்குதா?”

“தொட்டவனுக்கெல்லாம் வலிக்கும் மாப்ள. தோல் வழியா உள்ள போயிடும். குவாரியில புது ஆளுன்னா இந்தத் தலைவலிய வெச்சே கண்டுபுடிப்போம். குவாரி வெடி பழசானா எண்ணெய் கசியும். அந்த எண்ணெய்தான் எமன். ஒரு தட்டு தட்டினாப் போதும்.”

தலையில் துண்டு கட்டிய கொத்தனார் பையனின் கண்முன் வந்தார். உளி வந்தது.

அப்போது வெடி அகற்றும் அதிகாரி அவனிடம் வந்தார். கனமான உடுப்பில் இருந்தார். குரலில் கோபமில்லை. அவருக்குப் பின்னால் நின்ற இன்ஸ்பெக்டரோ, இதை எவன் வைத்திருந்தாலும் ஏழு வருடம் ஜெயில் களிதான் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா கைகட்டி நின்றார்.

“தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லு. உள்ள எத்தனை பெட்டி இருந்துச்சு?”

பையன் அப்பாவின் கட்டிய கைகளைப் பார்த்தான். தோழன் தன் அப்பாவைக் கைவிலங்கோடு பார்ப்பதை நினைத்துப் பார்த்தான்.

“ஒண்ணுதான்,” என்றான்.

அதிகாரி வீட்டுக்குள் போனார். மணி ஐந்தே கால் என்று எதிர்க்கடைக் கடிகாரம் காட்டியது. பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கொத்தனார் தலைவலியில் படுத்திருப்பார். படுத்தவர் காலையில்தான் எழுவார். இல்லை, ஆவல் தாங்காமல் எழுந்திருப்பார். இருபது. இருபத்தைந்து. யாராவது இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடலாம் என்றிருந்தான். யாரும் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“மாமா, கொத்தனார் வீட்ல ஒண்ணு இருக்கு.”

மாமா கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் ஓடினார். நடக்கச் சொன்ன மனிதர் ஓடுவதைப் பார்த்து எல்லோரும் ஓடினார்கள். இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸில் தெருப்பெயர் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. பையன் சொன்னான். இரண்டாம் தடவை தெளிவாகச் சொன்னான். ஜீப் கிளம்பியது. அடுத்த முனைகூடத் திரும்பவில்லை.

சத்தம் முதலில் காலில் தெரிந்தது. பிறகு கடைகளின் கதவுகள் ஒருசேரக் குலுங்கின. குளத்துப் பக்கம் காக்கைகள் எழும்பின. அதிகாரி பையனின் வீட்டிலிருந்து வெளியே வந்து, தன் பின்னால் இருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அது அப்படியே நின்றது.

அவர்கள் வீட்டுப் பெட்டியை டீசலில் ஊறவைத்து, மறுநாள் மதியம் மணல் நிரப்பிய வண்டியில் மெதுவாக ஏற்றிப்போய், ஊருக்கு வெளியே எரித்தார்கள். வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. கொத்தனாரின் அறை இருந்த இடத்தில் சுவரே இல்லை. அவர் மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவளுக்குக் காது போனதோடு சரி. உளியை மட்டும் மூன்றாவது வீட்டு மாடியில் கண்டெடுத்தார்கள். அதன் முனை மழுங்காமல் இருந்ததாம்.

பதினெட்டாம் நாள் தோழன் வந்தான். தலை மொட்டை. வாசலிலேயே நின்றான். அம்மா உள்ளே வா என்றாள். வரவில்லை.

“எங்கப்பாவோட டேப் இங்க இருக்காமே?”

பையன் பின்னறைக்குப் போனான். பென்சில் கணக்கு இன்னும் சுவரில் இருந்தது. பதினான்கு, ஒன்றரை, பத்தரை. அதன் கீழே கொத்தனார் கோடு கிழித்து, இரண்டு என்று எழுதிச் சுழித்திருந்தார். டேப்பை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான்.

தோழன் அதை வாங்கி ஓரடி இழுத்தான். விட்டதும் அது சுருண்டு உள்ளே ஓடியது.

“வேற எதுவும் விட்டுட்டுப் போனாரா?”

“இல்ல,” என்றான் பையன். “ஒண்ணுதான்.”