மூன்றாவது உற்றுநோக்கல் தாள்

என் கற்பித்தல் பயிற்சிக் கோப்பு கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்து நின்றது. பாடத்திட்டங்கள், பிள்ளைகளின் பயிற்சித் தாள்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் என் சுயபரிசீலனை, மேற்பார்வையாளர் எழுதிய உற்றுநோக்கல் தாள்கள் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வண்ண அட்டை. மேற்பார்வையாளரான மேடம் என் வகுப்பைப் பார்த்தது ஆறு முறை. கோப்பில் இருந்ததோ ஐந்து தாள்தான். மூன்றாவதை உருவி அலமாரியில் போட்டிருந்தேன்.

மேடம் பக்கங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"மூணாவது எங்கம்மா?"

"அந்தப் பாடம் சரியா வரல மேடம்."

"நாலாவதுல என்ன எழுதியிருக்கேன், படி."

படித்தேன். 'சென்ற முறை சொன்ன குறை திருந்தியுள்ளது. கேள்வி கேட்டபின் பொறுமையாகக் காத்திருக்கிறார்.'

"எந்தக் குறைன்னு தேர்வாளர் கேட்டா என்ன சொல்லுவே? மறைச்சு வச்சதுதான் நீ மாறினதுக்கு ஆதாரம். நாளைக்குள்ள சேர்த்துடு. இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். உன் பழைய குறிப்பைத் திருத்தாதே, கீழே இன்னிக்குத் தேதி போட்டுப் புதுசா எழுது."

கையெழுத்து இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாவது பாடம் பின்னம். அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கடைசி பெஞ்சுப் பெண்ணிடம் கேட்டேன். பேசவில்லை. "வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கியா?" என்றேன். வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொன்னால், நானும் சிரித்தேன். மணி அடிக்கும்வரை அவளை நிற்க வைத்தேன். அன்றைய என் குறிப்பு: 'மாணவிக்கு முன்னறிவு போதவில்லை.' மேடம் எழுதியது: 'மூன்று நொடிகூடக் காத்திருக்கவில்லை. குழந்தையை அவமானப்படுத்தினார்.'

ஆதாரத்துக்காக அன்றைய பயிற்சித் தாள்களைக் கிளறினேன். அவளுடையது அடியில் கிடந்தது. நான் கேள்வி கேட்பதற்கு முன்பே எல்லோரையும் தாளில் செய்யச் சொன்ன அதே கணக்கு. அழகான எழுத்தில், 'முக்கால்'.

இத்தனை நாளாக அதை நான் திருத்தவே இல்லை.

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே, பயிற்சி முடித்த பள்ளிக்கு அவளைத் தேடி ஓடினேன். வகுப்பாசிரியர் கையை விரித்தார். "அவங்க ஊரு மாறிப் போய் ரெண்டு வாரமாச்சு டீச்சர். எந்த ஊருன்னு சொல்லிட்டுப் போகல."

ஓய்வறையில் உட்கார்ந்து எழுதினேன். 'அவளுக்கு விடை தெரியும். எனக்குத்தான் அவளைத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன், அவள் இல்லை.' அவள் தாளில் பெயரை மறைத்து, மேடத்தின் தாளோடு சேர்த்துக் கோத்தேன். மேடம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இறுதி மதிப்பீட்டில் தேர்வாளர் அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். "கோப்பிலேயே சிறந்த பகுதி இதுதாம்மா. முழு மதிப்பெண்" என்றார்.

நன்றி சொன்னேன். வெளியே வந்து வராந்தாச் சுவரில் சாய்ந்து அழுதேன். அந்தக் குழந்தையிடம் சொல்ல வேண்டியதை ஒரு தேர்வாளரிடம் காட்டி, பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன்.