ஏறாத கோடு

துவாதசியன்று காலை, ஏகாதசி விரதம் முடிக்கிற பாரணைக்குச் சாதம், அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி என்று எல்லாம் தளிகை பண்ணி வைத்திருந்தேன். என் மகள் மேகனா கீரையை மட்டும் தட்டில் போட்டுக்கொண்டாள். சாதத்தின் பக்கமே கை போகவில்லை. இரண்டு வாய் உள்ளே போயிருக்கும், எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தவள் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முந்தைய நாள் ஏகாதசிக்கும் அவள் பட்டினிதான். பால் கொடுக்கிறவளுக்கு உபவாசம் கிடையாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே? அவள் பட்டினி கிடந்தது பெருமாளுக்காகவும் இல்லை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கோடு எவ்வளவு சமமாகப் போகும் என்று பார்க்கத்தான்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேகனா பிரசவத்துக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் அகத்துக்கு வந்தவள். குழந்தைக்கு மூன்றாவது மாதம் நடக்கிறது. மாப்பிள்ளை ரகுநந்தனுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. குழந்தையைப் பார்க்க வந்து, இங்கிருந்தே வேலை பார்த்துக்கொண்டு தங்கிவிட்டவர், கையில் ஒட்டிக்கொள்கிற சர்க்கரை சென்சார் இரண்டை வரவழைத்து, தனக்கு ஒன்றும் அவளுக்கு ஒன்றுமாக ஒட்டிவிட்டார். பெரிய நாணயம் அளவுதான் இருக்கும், இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் புதிதாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மெல்லிய இழை ஒன்று தோலுக்கு அடியில் போய், அங்கே இருக்கிற நீரில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். போனைத் திறந்தால் நாள் முழுவதற்கும் ஒரு கோடு தெரியும். இரண்டு பேருக்குமே சர்க்கரை வியாதி கிடையாது. இல்லாதவர்களும் இப்போது இதை ஒட்டிக்கொள்கிறார்களாம், உடம்பைத் தெரிந்துகொள்ள.

முதல் நாளே தயிர் சாதம் சாப்பிட்ட பிறகு மேகனாவின் கோடு நூற்று ஐம்பத்தெட்டுக்கு ஏறியது. போனை அவள் கீழே வைக்கவே இல்லை. என் கணவர் வீரராகவனுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. இடது காலில் இரண்டு விரலை எடுத்தாயிற்று. கல்லூரி நாட்களில் அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்றியவள் மேகனாதான். அவள் பயந்ததில் தப்பே கிடையாது. பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தாள் என்பதில்தான் வந்தது வினை. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தோம். மூன்று மாதச் சராசரி நன்றாக இருக்கிறது, வியாதியின் சாயல்கூட இல்லை, சாப்பிட்டதும் ஏறி இறங்குவது எல்லோருக்கும் உள்ளதுதான் என்று எங்கள் தெரு டாக்டர் சொன்னார். சராசரி என்பது உச்சங்களை மறைத்துவிடும் என்றாள் இவள். யாரோ இன்டர்நெட்டில் சொல்லிக்கொடுத்த வாக்கியம்.

அன்றிலிருந்து சாதம் போச்சு, இட்லி போச்சு, பிரசவ லேகியமும் போச்சு. பனீர், பாதாம், வெள்ளரிக்காய், நெய் விட்ட காபி, கீரை, இவ்வளவுதான் ஆகாரம். உடம்பு மளமளவென்று இளைத்தது. குழந்தை பெற்ற மாதிரியே இல்லையே என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். குழந்தையோ தாய்ப்பால் மட்டுமே குடித்துக் கொழுகொழுவென்று இருந்தான். கோடு எண்பதை ஒட்டிப் படுத்தே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வரைபடம் போடச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. அந்த நேர்கோட்டைப் பார்த்து நானும் வாயை மூடிக்கொண்டேன்.

துவாதசிக்கு வருகிறேன். தரையில் உட்கார்ந்தவளைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தோம். மறுபடி வாந்தி. வயிறு வலிக்கிறது, தலை வெடிக்கிறது என்றாள். மாப்பிள்ளை அவள் போனை எடுத்து நீட்டினார். எழுபத்திநான்கு, கோடு கொஞ்சமும் அசையவில்லை. சர்க்கரை அருமையாக இருக்கிறது, வெறும் வயிற்றில் கீரை போனதால் வந்த வாயு, எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். அப்படியே கொடுத்தேன். அதுவும் வெளியே வந்தது.

வாயு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் மூச்சு விட்ட விதம் அப்படி. படுத்திருப்பவள், மாடிப்படி ஏறி வந்தவள் மாதிரி ஆழமாக, வேகமாக இழுத்து இழுத்து விட்டாள். கிட்டே குனிந்தால் வாயிலிருந்து நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி ஒரு வாடை. ஆட்டோ கூப்பிடச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்க்கலாமே என்று மாப்பிள்ளை மறுபடி போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, அந்தப் போனைக் கீழ வைங்கோ. அவ மூஞ்சியப் பாருங்கோ" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. அவர் செருப்பைத் தேடிப் போனார்.

குழந்தையை வீரராகவனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ்ஸாக நின்றது. என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த மேகனா ஒரு தடவை கண்ணைத் திறந்து, "எவ்வளவு காட்றது?" என்று கேட்டாள். எழுபத்திமூன்று என்றார் மாப்பிள்ளை. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆற்றைப் பார்த்து ரங்கா ரங்கா என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

திருச்சி தில்லை நகர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்து எழுபத்தொன்று என்றாள். பாருங்கள், நம் சென்சார் எவ்வளவு சரியாகக் காட்டியிருக்கிறது என்றார் மாப்பிள்ளை. அந்த நிலையிலும் அவருக்கு அதில் ஒரு திருப்தி. வாந்திக்கு ஊசி போட்டு, கொஞ்சம் உப்புநீர் ஏற்றி, மத்தியானத்துக்குள் அனுப்பிவிடலாம் என்றுதான் அங்கேயும் முதலில் பேச்சு. எனக்குக்கூட ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

அப்போது டியூட்டி டாக்டர் ஹஃப்ஸா வந்தார். சின்ன வயசு, முப்பது தாண்டியிருக்காது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மேகனாவின் மூச்சை எண்ணினார். பிறகு, என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சாதம், கோதுமை, சர்க்கரை எதுவும் கிடையாது, பல வாரமாகக் கோட்டில் ஒரு ஏற்றம்கூட வரவில்லை என்று மாப்பிள்ளை போனைத் திறந்து காட்டப் போனார். டாக்டர் அதைப் பார்க்கவில்லை.

"குழந்தைக்குப் பால் குடுக்குறாங்களா?"

ஆமாம், வேறு எதுவுமே கொடுப்பதில்லை என்றேன். நேற்றைய பட்டினியையும் சொன்னேன். டாக்டரின் முகம் மாறியது. நர்ஸிடம் ஏதோ வேகமாகச் சொல்லி, மணிக்கட்டு நாளத்திலிருந்து ரத்தம் எடுக்க வைத்தார். அந்த முடிவு வருவதற்குள் இரண்டு தரம் வந்து மேகனாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். இரண்டாம் தரம் அவள் பதில் சொல்லவில்லை, முனகினாள். நடுவில் வீரராகவன் போன் பண்ணினார். குழந்தை பாலுக்கு வீரிட்டு அழுவது பின்னால் கேட்டது. மேகனாவின் ரவிக்கை நனைந்தது. அவள் உடம்பு அந்த நிலையிலும் பால் சுரந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் கையில் சீட்டோடு வந்தார். ரத்தம் அமிலமாகிவிட்டது, ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோகிறோம் என்றார்.

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. சுகர் நார்மலாகத்தானே இருக்கிறது என்று மறுபடியும் கேட்டார்.

"சுகர் நார்மல்தாங்க. அவங்க நார்மலா இல்லையே" என்றார் டாக்டர்.

பிறகு எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார். பால் சுரக்கவே நிறையச் சர்க்கரை வேண்டும். சாப்பாட்டில் மாவுச்சத்து வராதபோது ஈரல் தானே சர்க்கரை தயாரித்து ரத்தத்தில் அளவு இறங்காமல் பார்த்துக்கொள்ளும். உடம்பின் மற்ற வேலைக்குக் கொழுப்பு எரியும், அதிலிருந்து கீட்டோன் என்ற அமிலம் வரும். மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் கட்டுக்குள் நிற்கும். பால் கொடுக்கிறவள் இப்படிச் சாப்பிட்டு, மேலே பட்டினியும் வாந்தியும் சேர்ந்தால், அபூர்வமாக எல்லை மீறிவிடும். அந்த அமிலத்தை வெளியே தள்ளத்தான் அவள் அப்படி மூச்சு வாங்குகிறாள். கையில் இருப்பது சர்க்கரையை மட்டும் காட்டுகிற கருவி. அது பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்காததை அது சொல்லவும் இல்லை.

பிழைத்துவிடுவாளா என்று கேட்டேன். அப்படியே கேட்டுவிட்டேன், சுற்றி வளைக்கத் தெரியவில்லை. சரியான நேரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள், மருந்து வேலை செய்யும் என்று நினைக்கிறேன் என்றார். நினைக்கிறேன் என்ற வார்த்தை என்னைப் பிடித்து ஆட்டியது. மருந்து என்ன என்று கேட்டேன்.

"குளுக்கோஸ்தாம்மா. ட்ரிப்ல சர்க்கரை ஏத்தப் போறோம்."

முதலில் ஒரு வைட்டமின் ஊசி போட்டார்கள், பிறகு பாட்டில் தொங்கியது. மாப்பிள்ளை வெளி பெஞ்சில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். குழந்தைக்கு இப்போதைக்குப் பால் பவுடர் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவர்தான் வீரராகவனுக்குப் போனில் சொன்னார். அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அப்போது போய்விட்டது. கெடுதல் நினைத்தா செய்தார்?

என்னை உள்ளே ஓரமாக இருக்க விட்டார்கள். மத்தியானம் சாய்கிற நேரத்தில் மூச்சு நிதானப்பட்டது. இன்னொரு தரம் ரத்தம் எடுத்துப் பார்த்து, அமிலம் குறைகிறது என்றார் டாக்டர். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேகனாவின் தலைமாட்டில் கிடந்த போன் அப்போதுதான் கத்த ஆரம்பித்தது. அளவு மீறினால் எச்சரிக்கச் சொல்லி அவளே வைத்திருந்த மணி. கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. நூற்று அறுபது, நூற்று எழுபத்தைந்து. மேகனா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை, கழுத்தைத் திருப்பிப் போனைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவள் கை ட்ரிப் ஊசியைப் பிடுங்கப் போனது.

நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன்.

"ஏறறதும்மா. நிறுத்தச் சொல்லு. அப்பா மாதிரி ஆயிடுவேன்" என்று கெஞ்சினாள்.

டாக்டர் ஓடி வந்தார். பாட்டிலில் சர்க்கரை போகும்போது நம்பர் ஏறத்தான் செய்யும், இதை வைத்து யாருக்கும் சர்க்கரை வியாதி என்று சொல்ல முடியாது என்று அவள் காதருகே பொறுமையாகச் சொன்னார். அவள் காதில் எதுவும் விழவில்லை. அமிலத்துக்கு மருந்து இருந்தது, இந்தப் பயத்துக்கு அந்தப் பாட்டிலில் ஒன்றும் இல்லை.

"ஏறட்டும்டி. இன்னும் ஏறட்டும்" என்றேன்.

அவள் கையை இழுத்தாள். காலையில் ஆட்டோவில் தலையைக்கூடத் தூக்க முடியாதவள், இப்போது என் பிடியை உதறப் பார்க்கிறாள். நான் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பலம் எந்தப் பாட்டிலிலிருந்து வந்தது என்பது என் பெண்ணுக்குத் தெரியவில்லை. அவள் இழுக்க இழுக்க எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் கொட்டியது. கையை மட்டும் நான் விடவில்லை.