டின்னைச் சுற்றிய ரப்பர் வளையம்

லோஜனுக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, ஆகாது. போன வருடம் யாரோ கொடுத்த ஒரு துண்டு கச்சான் உருண்டையைத் தின்று, அழக்கூடச் சத்தம் வராமல் முகம் வீங்கிக் கிடந்தான். நல்லவேளை, மஸ்கெலியா ஆஸ்பத்திரியில் பிழைத்தான். அன்றிலிருந்து, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் எங்கள் பிள்ளைமடுவத்துக்குப் புதிதாக எந்தச் சாப்பாடு வந்தாலும், அதில் கலந்திருப்பவற்றை நானும் ஆயா காளியாயி அக்காவும் தனித்தனியாக எழுதி ஒப்பிடுவோம். நான் ஆங்கிலத்தை எழுதுவேன். அவர் சிங்களத்தைப் பார்த்து வரைவார். எங்கள் இருவருக்கும் சிங்களம் பேசத்தான் வரும்.

அன்று வந்தது ஒரு சத்துமா டின். எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து. ஒவ்வொரு பொருளும் முதலில் ஆங்கிலத்தில், பக்கத்திலேயே சிங்களத்தில் என்று வரி வரியாக டின்னைச் சுற்றி ஓடியது. நான் போனில் மூன்று படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து எழுதினேன். ஒன்பது பொருள். கச்சான் இல்லை. உடனே மாவைக் கரைத்துக் கரண்டியும் எடுத்துவிட்டேன். எனக்கு எதிலும் அவசரம்.

"டீச்சர், எனக்குப் பத்து வருதுங்க," என்றார் காளியாயி அக்கா.

"வாசிக்கத் தெரியாம வரைஞ்சா அப்படித்தான் வரும், அக்கா."

சுருக்கென்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. லோஜனின் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "ஒவ்வொண்ணுக்கும் ஜோடி இருக்கணும்ல. பாருங்க, ஒண்ணு தனியா நிக்குது. ஜோடி சேந்த பெறகு கொடுங்க," என்றார்.

தலைமுடியிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி டின்னில் மாட்டினார். ஒரு வரிக்குக் கீழே வளையம் நிற்க, நான் டின்னைத் திருப்பித் திருப்பிக் கடைசிவரை வாசித்தேன். பிறகு வளையத்தை அடுத்த வரிக்கு இறக்கினோம். நான்காம் வரியின் கடைசி, டின் வளையும் இடம். என் படங்களில் அது ஓரத்தில் நசுங்கி வெறும் கறுப்புக் கோடாகத் தெரிந்திருந்தது. நேரில் தெளிவாக இருந்தது: கச்சான் மா. அதன் சிங்கள ஜோடிதான் ஐந்தாம் வரியின் முதல் சொல்.

கிண்ணத்தைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். "அக்கா, நான் பேசினது தப்பு," என்றேன்.

"விடுங்க டீச்சர். புள்ள வாயில படலைல."

பகல் சாப்பாட்டு நேரத்தில் கொழுந்துக் கூடையோடு வந்த லோஜனின் அம்மா பிரியந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அவன் புதுக் கஞ்சி தரவில்லை என்று கூரை அதிர அழுதுகொண்டிருந்தான்.

"ஏன் டீச்சர் இப்படிக் கத்துறான்?"

நடந்ததைச் சொன்னேன். அவள் கூடையை இறக்கிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"கத்தட்டும் டீச்சர்," என்றாள். "நல்லாக் கத்தட்டும்."

மூவரும் அவன் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.