வாரத்துக்குப் பத்து சதவீதம்

ஆவடித் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இக்னேஷியஸுக்கு இருபது வருஷ சர்வீஸ். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகியிருந்தாலும் உருப்படியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர் கையில் ஒரு விதி கிடைத்தால் என்ன ஆகும்?

கிடைத்தது 1992 ஜூன் மாதத்தில், மார்க்கெட் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில், அட்டை கிழிந்த ஓர் அமெரிக்க ஓட்டப் பத்திரிகையில். வாராவாரம் ஓடும் தூரத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே, அடிபடாது என்று போட்டிருந்தது. இக்னேஷியஸ் அதை மூன்று முறை படித்தார். உடம்புக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது என்பதில் அவருக்கு அப்படியொரு திருப்தி.

டிசம்பரில் பிரிவுகளுக்கிடையே பத்து கிலோமீட்டர் ஓட்டப்போட்டி. நால்வர் அணி, நால்வரின் நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று அந்த வருஷம் புதிதாகச் சொல்லியிருந்தார்கள். சோதனைப் பிரிவில் இருந்த ஒரே பெண் வனஜா. கல்லூரியில் ஓடியவள். இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, ஒரு மாதமாகத்தான் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் வாரத்துக்கு மூன்று நாள், மூன்று மூன்று கிலோமீட்டராக ஓடிக்கொண்டிருந்தாள்.

அணித்தலைவர் இக்னேஷியஸ் எல்லோருக்கும் பட்டியல் போட்டார். வனஜாவின் தாளில் முதல் வாரம் 9, அடுத்தது 9.9, அதற்கடுத்தது 10.9 என்றிருந்தது.

"சார், இந்தத் தொள்ளாயிரம் மீட்டரை எங்க போய் ஓடறது?"

"மூணு நாளைக்கும் பிரிச்சுக்கோம்மா. ஒரு நாளைக்கு முந்நூறு மீட்டர்."

"அது ஒரு சுத்துகூட இல்லையே சார். கணக்குக்குத்தான் தெரியும், என் காலுக்குத் தெரியாது. நான் இன்னொரு நாள் சேர்த்து ஓடறேன். அதே மூணு கிலோமீட்டர்தான், மெதுவா."

இக்னேஷியஸ் மனசுக்குள் கணக்குப் போட்டார். பன்னிரண்டு. "முப்பத்திமூணு சதவீதம்! என்ன விளையாட்டா?"

"ஏத்திட்டு மூணு வாரம் அங்கேயே நிப்பேன் சார். காலையில எழுந்தா வலி இல்லைன்னாத்தான் அப்புறம் ஏத்துவேன்."

அவள் பெயருக்கு நேரே அவர் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார்.

அவருடைய பட்டியலோ பார்க்கவே அழகாக இருந்தது. முப்பது, முப்பத்திமூன்று, முப்பத்தாறு புள்ளி மூன்று. எங்கும் இறக்கமே கிடையாது. அணியின் மூன்றாவது ஆள் கஜபதி, கோவில்பதாகைக்காரன், பதினைந்து வருஷமாக ஓடுகிறவன். அவன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இன்னா அண்ணாத்தே, ஏறிக்கினே கீது? நடுவுல எறங்கவே இல்லியா?"

"பத்து சதவீதம்தானேப்பா."

"எட்டு வாரம் வுட்டா ரெண்டு மடங்கு தாண்டுது பாரு. நான் நாலாவது வாரம் ஆனா கொறைச்சிப்பேன். அப்பால திரும்ப ஏத்துவேன். அப்படியே பழகிடிச்சி."

விதியில் குறைப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை என்று இக்னேஷியஸ் விளக்கினார். கஜபதி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் முடிவில் வனஜா வாரம் ஐந்து நாள் ஓடினாள். பக்கத்தில் ஓடும் பெண்ணோடு குழந்தையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிற வேகம். தூரம் கூட்டும் வாரங்களில் வேகத்தைத் தொடவே மாட்டாள். ஒரு வாரம் பதினைந்திலிருந்து பத்துக்கு இறங்கினாள். பயிற்சி போதவில்லை என்று இக்னேஷியஸ் கவலைப்பட்டார்.

அவருக்குத் தன்னைப் பற்றிக் கவலையே இல்லை. எட்டாவது வாரம் ஐம்பத்தெட்டு புள்ளி ஐந்து. மூச்சு வாங்கவில்லை, தொடை கல் மாதிரி உரமாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்கத்தில் மட்டும் ஏதோ சுருக்கென்றது. பட்டியலைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஆகவே வலி இருக்க நியாயமில்லை என்று முடிவுசெய்தார்.

ஒன்பதாவது வாரம் மழையும் ஓவர்டைமும் சேர்ந்து இரண்டு நாளைத் தின்றுவிட்டன. வாரத்துக் கணக்கு அறுபத்துநாலு புள்ளி மூன்று. சனிக்கிழமை வரை ஓடியதோ முப்பத்திரண்டுதான். மிச்சம் முழுவதையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஓட்டமாக முடிக்கக் கிளம்பினார். அதற்குமுன் ஒரே மூச்சில் அவர் ஓடிய அதிகபட்ச தூரம் இருபத்துநாலு. பாரிவாக்கம், பூந்தமல்லி தாண்டித் திருமழிசை வரை போய்த் திரும்பினார். கடைசி ஐந்து கிலோமீட்டர் நொண்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் முதலில் நோட்டில் 64.3 என்று எழுதினார். பிறகுதான் மனைவி ரோஸியிடம் தைலம் கேட்டார்.

புதன்கிழமை மாடிப்படி ஏற முடியவில்லை. ரோஸி திட்டிக்கொண்டே தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டர் ஞானகுமாரி எலும்பின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்தியதும் இக்னேஷியஸ் கத்திவிட்டார்.

"எலும்புல நுண்ணிய வெடிப்பு மாதிரி இருக்கு. எக்ஸ்ரேல இப்பவே தெரியணும்னு இல்ல, மூணு வாரம் கழிச்சுத் தெரியும். இன்னையிலேர்ந்து ஓட்டம் கிடையாது."

இக்னேஷியஸ் சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து நீட்டினார். "இருக்க முடியாது டாக்டர். பாருங்க, ஒரு வாரம்கூட மீறலை."

டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை எவ்வளவு?"

"முப்பத்திரண்டு. ஆனா வாரக் கணக்கு..."

"வாரத்தை நீங்க கூட்டறீங்க. எலும்புக்கு அன்னன்னைக்கு விழற அடிதான் கணக்கு. நுரையீரல், தசையெல்லாம் சீக்கிரம் பழகிடும் சார். எலும்புக்கு நாளாகும், நடுவுல ஓய்வும் வேணும். இந்தத் தாளுல ஓய்வு எங்க?"

எங்குமில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. இக்னேஷியஸ் அதை வெளிச்சத்தில் பிடித்து, தலைமுடி கனம்தான் இருக்கும், நம் பிரிவில் இதைத் தேறவிட மாட்டோம் என்றார். ரோஸி சிரிக்கவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு போட்டி. இக்னேஷியஸ் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டாப்வாட்ச் பிடித்தார். அவர் இடத்தில், பிரிவுக்கு டீ கொண்டுவரும் கேண்டீன் பரந்தாமனை ஓடவிட்டார்கள். அவன் பாதி தூரம் நடந்தே வந்தான். கஜபதி நாற்பது நிமிஷத்தில் முடித்தான், அணியின் நாலாவது ஆள் ஐம்பதில். வனஜா ஐம்பத்தாறு நிமிஷத்தில், பெண்களில் முதலாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் தண்ணீர் கேட்டாள். அப்போது அவள் வாரத்துக்கு முப்பது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். ஒன்பதிலிருந்து முப்பது, ஒரு நாள்கூட நொண்டவில்லை. சோதனைப் பிரிவுக்கு நாலாவது இடம். பரந்தாமனை யாரும் குறைசொல்லவில்லை. அணித்தலைவரையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

அடுத்த வாரம் டாக்டர், வலியில்லாமல் நடக்க முடிவதால் மெல்ல ஓட ஆரம்பிக்கலாம் என்றார். இக்னேஷியஸ் அன்று சாயங்காலமே புதுத் தாளில் கோடு கிழித்தார். முதல் கட்டத்தில் போன வாரத் தூரம்: பூஜ்யம். அதில் பத்து சதவீதத்தைக் கூட்டினார். பூஜ்யம். அதற்கடுத்த வாரமும் பூஜ்யம். விதிப்படி போனால் சாகும்வரை அவர் ஓடவே முடியாது. பேனாவை மூடினார். பிறகு தாளை மடித்து எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

வனஜா இரண்டாவது சுற்றில் இருந்தாள். அவரைக் கண்டதும் நின்றாள்.

"வனஜாம்மா, பூஜ்யத்துலேர்ந்து எப்படி ஏத்தறது?"

அவர் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஒரு நிமிஷம் ஓடுங்க, ரெண்டு நிமிஷம் நடங்க. எட்டு தடவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலையில அந்த இடத்தை அழுத்திப் பாருங்க சார். வலிச்சா ஓடாதீங்க, போய் டாக்டரைப் பாருங்க. வலிக்கலைன்னா அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டிக்கலாம்."

"கொஞ்சம்னா எத்தனை சதவீதம்?"

வனஜா மெதுவாக ஓடத் தொடங்கினாள். இக்னேஷியஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினார். அறுபது வினாடி ஆனதும் நின்று, நடந்தார்.