திசோனுக்கு ஒரு பெல்ட்

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் படிக்கட்டுச் சந்தில் யாரோ இறைச்சியில் விஷம் கலந்து வைக்க ஆரம்பித்தார்கள். முதலில் ரொட்டிக்கடைப் பூனை செத்தது. அப்புறம் எங்களுக்கு மேல்வீட்டுக்காரன் டான் சிரியாகோவின் வெள்ளைப் பூனை வாயில் நுரையோடு படியில் கிடந்தது. அன்றைக்கே என் புருஷன் நோல்பெர்தோ வீட்டு ஜன்னல்களை எல்லாம் ஆணியடித்து அடைத்துவிட்டான்.

எங்கள் திசோன் கரிக்கட்டை நிறத்தில் ஒரு ஆண் பூனை. காயடித்தது. ஆனாலும் நாள் முழுக்க எங்கள் துறைமுக ஊரான தல்காவானோவின் தகரக் கூரைகளில் சுற்றிப் பழகியது. அடைத்து வைத்ததும் கதவடியில் உட்கார்ந்து கத்தியது. கத்தி ஓய்ந்தபின், மூத்திரம் போக வைத்திருந்த மண்தட்டில் போய் முக்கியது. ஒரு நாள் மண்ணில் ரத்தம் இருந்தது.

மலையடிவாரத்துக் கிளினிக்கில் யஸ்னா டாக்டர் குழாய் விட்டு மூத்திரத்தை எடுத்தாள்.

"அடைஞ்சு கிடக்கிற ஆம்பளைப் பூனைக்கு மனசு கெட்டா நீர்ப்பை கெட்டுடும், சென்யோரா. இன்னொரு தடவை மூத்திரம் அடைச்சா பிழைக்கிறது கஷ்டம்."

"வெளியே விட்டா விஷம். உள்ளே வெச்சா இது. நாங்க என்னதான் பண்றது?" என்றேன்.

"நிறைய தண்ணி குடிக்க வைங்க, ஈரச் சாப்பாடு குடுங்க, விளையாட்டு காட்டுங்க. அதோட பெல்ட் மாட்டி, கயித்தைக் கையில பிடிச்சு வெளியே கூட்டிட்டுப் போங்க. பழக்கினா வரும். அவசரப்படக் கூடாது."

நோல்பெர்தோ முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்துப் பார்த்தேன். பெல்ட்டைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கப்பல் கட்டும் துறையில் கப்பலின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு துருச் சுரண்டியவன் அவன். ஒரு நாள் பலகை சரிந்து கூட நின்றவன் கீழே போனான். இவன் பெல்ட்டில் தொங்கினான். ஆட்கள் வந்து இழுக்கும்வரை தொங்கினதில் தோளும் வலதுகை நரம்பும் போயின. உயிர் இருந்தது. வேலை போனது. அதற்கப்புறம் வீட்டில்தான். எழுந்து உடுத்துவதற்கு அவனுக்கு இருந்த ஒரே காரணம் அந்தப் பூனைக்குச் சோறு வைப்பதுதான்.

பூனை பெல்ட் இரண்டு வளையம்: ஒன்று கழுத்துக்கு, ஒன்று முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுக்கு. முதுகில் ஒரு பட்டை இரண்டையும் சேர்க்கும். டாக்டர் சொன்னபடி அதை முதலில் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் சும்மா போட்டு வைத்தோம். மோந்து பார்த்தது, அடித்தது, கடைசியில் அதன்மேலேயே படுத்தது. அப்புறம் முதுகில் வைத்து எடுத்தோம், வைத்து எடுத்தோம். நான் மீன் ஃபாக்டரியில் மெர்லூசா அறுக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுவரும் வால்துண்டை வேகவைத்துக் கிள்ளிக் கிள்ளி ஊட்டுவேன். மீன் என்றால் அது எதையும் பொறுத்துக்கொள்ளும்.

முதல் தடவை கொக்கியை மாட்டியதும் திசோன் துப்பாக்கியால் சுட்டதுபோல் பக்கவாட்டில் தொப்பென்று விழுந்தது. கால் நான்கும் விறைத்துப் போயின.

"செத்துப் போச்சா?" என்று பதறினேன்.

"நடிக்குது, கழுதை," என்று நோல்பெர்தோ சிரித்தான். "முதல் நாள் எனக்கு பெல்ட் மாட்டினப்ப நானும் இப்படித்தான் மரக்கட்டை மாதிரி நின்னேன். ஃபோர்மன் பின்னாடி உதைச்சான்."

"அதுக்காக இதை உதைச்சிடாதேய்யா."

"மீனைக் காட்டு, எழுந்துரும்."

எழுந்தது. வயிறு தரையில் உரச, ஏதோ கூரை தலையில் விழப்போவதுபோல் பதுங்கி இரண்டு அடி வைத்தது. உடனே கழற்றிவிட்டோம். நாளாக ஆக நேரத்தைக் கூட்டினோம். பெல்ட்டோடு சாப்பிட்டது, பெல்ட்டோடு விளையாடியது. அப்புறம் கயிற்றைக் கோத்து, நாங்கள் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் இழுத்துத் திரிய விட்டோம். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்படி நோல்பெர்தோ ஒவ்வொரு தடவையும் சரிபார்த்தான். விரலை வைத்து, இழுத்து, மறுபடி வைத்து. துறையில் செய்தது அப்படியே கையில் இருந்தது.

சிரியாகோ கிழவன் மேலே ஏறும்போது ஆணியடித்த ஜன்னலின் இடுக்கு வழியே எட்டிப் பார்ப்பான்.

"என்ன டான் நோல்பெர்தோ, பூனையைக் கப்பலுக்கு வேலைக்கு அனுப்பப் போறீங்களா?"

"உங்க மருமகனை விட நல்லா உழைக்கும், டான் சிரியாகோ."

"அது என்ன பெரிய விஷயம். என் செருப்பு கூட அவனை விட நல்லா உழைக்குது."

மழை விட்டு அரோமோ மரங்கள் மஞ்சளாகப் பூத்தபோது முதல் முறை வெளியே கொண்டுபோனோம். வாசலில் நடத்திக் கூட்டிப்போகக் கூடாது, கதவு திறந்தாலே பாயப் பழகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். கூண்டில் வைத்துத் தூக்கி, எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் படித்தளத்தில் இறக்கினேன். ஒரு பக்கம் மண் சரியாமல் கட்டிய சுவர். மறுபக்கம் இரும்புக் கைப்பிடிக் கம்பி, அதற்கப்பால் கீழ்ச்சந்து வரை நேர் இறக்கம். கூண்டுக் கதவைத் திறந்துவைத்து நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தேன். பூனை வெளியே தலையை நீட்டி காற்றை மோந்தது. திரும்ப உள்ளே போனது. மறுநாளும் அப்படியே. அதற்கப்புறம் ஒரு நாள் வெளியே வந்து சுவரோரப் புல்லைக் கடித்துத் தின்றது. நோல்பெர்தோ படியில் உட்கார்ந்து, தேவாலயத்தில் இருப்பதுபோல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

ஒரு தடவை கீழே நாய் குரைத்தது. திசோன் பின்வாங்கியது. நான் என்னையறியாமல் கயிற்றை இழுத்தேன். பெல்ட் காதுவரை வழுக்கி வந்துவிட்டது. பூனை பின்னால் போகும்போது முன்னாலிருந்து இழுத்தால் சட்டை கழற்றுவதுபோல் கழன்றுவிடும். கயிற்றைத் தளர்த்தி, அதன் பக்கமாகவே போக வேண்டும். நல்லவேளை, கூண்டு பின்னால் இருந்தது. உள்ளே ஓடிப் பதுங்கிக்கொண்டது.

அன்றைக்கு இரவு சாப்பாட்டில் நோல்பெர்தோ சொன்னான்: "கையில பிடிக்கிறது சரியில்ல, எடுவினா. கை ஒரு பிடிமானமே இல்ல. எங்க துறையில அசையாத இரும்புல மாட்டாம ஒருத்தன் காலை எடுத்து வைக்க மாட்டான்."

"டாக்டர் கையிலதான் பிடிக்கச் சொன்னா. எங்கேயும் கட்டக் கூடாதுன்னு சொன்னா."

"டாக்டர் எந்தக் கப்பல்ல தொங்கினா?"

"நீ தொங்கினே. உன் தோளைப் பாரு."

"உசுரோட இருக்கேன்ல?"

"நான் வீட்ல இருக்கிறப்ப மட்டும் கூட்டிட்டுப் போகலாம். நீ தனியா போகாதே," என்றேன். சரி என்றான். பெல்ட்டை ஒரு துளை இறுக்கினான்.

ஆனால் மீன் வரத்து கூடி ஃபாக்டரியில் கூடுதல் நேரம் போட்டார்கள். நான் இருட்டில் போய் இருட்டில் வந்தேன். திசோன் மறுபடி கதவடியில் உட்கார்ந்தது. மண்தட்டில் நெடுநேரம் நின்றது. நோல்பெர்தோ அந்தத் தட்டைக் குனிந்து குனிந்து பார்த்தான். ஒவ்வொரு நாள் ராத்திரியும் முதலில் அதைத்தான் சொன்னான்: "இன்னிக்கு ரெண்டு சொட்டுதான் போச்சு." எனக்குத் தெரிந்தது. இதற்கு மேல் அவன் பொறுக்க மாட்டான் என்று தெரிந்தது. வேலைக்குப் போகாமல் இருக்க வழியில்லை.

இயந்திரம் பழுதாகி எங்களைச் சீக்கிரம் அனுப்பின ஒரு மத்தியானம், பையில் வால்துண்டுகளோடு கீழ்ச்சந்தில் ஏறிக்கொண்டிருந்தேன். காஸ் வண்டி வந்திருந்தது. வண்டிக்காரப் பையன் இரும்புத்துண்டால் சிலிண்டரை டணடணவென்று அடித்துக்கொண்டு போனான். தினமும் கேட்கிற சத்தம்தான். வீட்டுக்குள் இருந்து கேட்டால் திசோன் காதைக்கூட அசைக்காது.

நிமிர்ந்து பார்த்தேன். இறக்கத்தின் நடுவில் கறுப்பாக ஏதோ சுழன்றுகொண்டிருந்தது. மேலே கம்பியில் நோல்பெர்தோ குனிந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான்.

"எடுவினா! கை வரமாட்டேங்குது! கை வரமாட்டேங்குது!"

கீழிருந்து எனக்கு எட்டவில்லை. பையைப் போட்டுவிட்டுப் படிகளில் ஓடினேன். அவன் வலதுகையில் பிடி நிற்காது. இடதுகையால் இழுத்தால் கயிறு கொஞ்சம் வரும், பிடி மாற்றும்போது வழுக்கிக் கீழே போகும். கம்பியில் போட்ட முடிச்சு பாரத்தில் இறுகிக் கல்லாகியிருந்தது. நானும் அவனும் சேர்ந்து இழுத்தோம். சிரியாகோ வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மேலே கொண்டுவந்தோம்.

பூனை துடித்த துடிப்பில் ஒரு முன்கால் நெஞ்சு வளையத்திலிருந்து வெளியே வந்துவிட்டது. பாரம் முழுக்கக் கழுத்து வளையத்தில் விழுந்திருக்கிறது. நாக்கு நீலம். இன்னும் சூடாக இருந்தது. நெஞ்சைத் தேய்த்தேன், மூக்கில் ஊதினேன். செத்த மீனுக்கு ஊதினதுபோல்தான்.

நோல்பெர்தோ படியில் உட்கார்ந்துவிட்டான். "கூண்டை மறந்துட்டேன். எடுத்துட்டு வரத்தான் உள்ளே போனேன். இரும்புலதான் கட்டிட்டுப் போனேன். அந்த காஸ் சத்தத்துல கம்பியைத் தாண்டிப் பாஞ்சிருக்கு. நல்லா கட்டினேன், எடுவினா."

சிரியாகோ கீழே இறங்கிப்போய் நான் போட்ட பையை எடுத்துவந்து படியில் வைத்தான்.

ராத்திரி நோல்பெர்தோ விளக்கடியில் அந்தப் பெல்ட்டை மேஜையில் விரித்து வைத்தான். விபத்து நடந்தால் துறையில் அப்படித்தான் செய்வார்கள், எது அறுந்தது என்று பார்ப்பார்கள். கொக்கியை ஆட்டினான். தையலை நகத்தால் நெருடினான். துளைகளைத் தொட்டுப் பார்த்தான்.

"எதுவும் விடல," என்றான். "ஒரு நூல் கூட பிரியல. பாரு."

பார்த்தேன். பிரியவில்லைதான்.

"நான் தொங்கினப்ப இழுக்க ஆளுங்க இருந்தாங்க," என்றான் அப்புறம்.

தேநீர் போட்டு வைத்தேன். ஆறிப்போனது.

இப்போது அவன் எழுந்து உடுத்துவதில்லை. ஜன்னல் ஆணிகளை நான் பிடுங்கிவிட்டேன், அடைத்து வைக்க எதுவும் இல்லை. விஷம் வைக்கிறவன் இன்னும் வைக்கிறான், வேறு பூனைகள் சாகின்றன. கம்பியில் கயிற்றின் முடிச்சு மட்டும் இருக்கிறது. நகம் உடையும்வரை பார்த்தேன், அவிழவில்லை. மிச்சக் கயிற்றை ஒட்ட அறுத்துவிட்டேன். முடிச்சு மழையில் கறுத்து அப்படியே இருக்கிறது. காலையில் ஃபாக்டரிக்கு இறங்கும்போது கம்பியைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். அந்த இடம் வந்தால் கையை எடுத்து, அதற்கு அப்பால் வைக்கிறேன்.